விலகல் நேர்காணலில் மேலாளரைப் பற்றிக் கேட்டார்கள்

முதல் வேலையை விட்டபோது, கடைசி நாளுக்கு முந்தின நாள் மனிதவளத் துறையிலிருந்து அழைத்தார்கள். சிறிய அறை. எதிரே ஓர் அதிகாரி, அவர் கையில் அச்சிட்ட படிவம். "நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது, மனம் திறந்து பேசுங்கள்" என்றார். நான் நம்பினேன். ஐந்தாவது கேள்வி என் மேலாளரைப் பற்றியது. அந்தக் கேள்விக்காகவே இரண்டு ஆண்டுகள் காத்திருந்ததுபோல் பேசினேன். "அவருக்கு ஆட்களை நடத்தத் தெரியாது. தனக்குப் பிடித்த இருவரைத் தவிர மற்றவர்களை அவர் மதிப்பதே இல்லை. அவர் இருக்கும்வரை அந்தக் குழு முன்னேறாது." அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே பின்னால் நடந்ததை ஏற்றுக்கொள்ள எனக்கு நீண்ட நாள் பிடித்தது.

எங்கள் குழுவில் இருந்தது நான்கே பேர். அந்தக் காலாண்டில் விலகியது நான் ஒருவர்தான். மேலாளருக்குப் போன அறிக்கையில் என் பெயர் இல்லையாம், "விலகிய ஊழியர் ஒருவரின் கருத்து" என்றுதான் இருந்ததாம். நான்கு பேரில் ஒருவர் விலகியிருக்கும்போது பெயர் எதற்கு? பழைய சக ஊழியர் ஒருவர் சில வாரம் கழித்து இதை எனக்குச் சொன்னார். அதிகாரி வேண்டுமென்று என்னைக் காட்டிக்கொடுத்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. சிறிய குழுவில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

பதினான்கு மாதம் கழித்து இன்னொரு நிறுவனத்தில் இரண்டு சுற்றுத் தேர்வு முடிந்து, பரிந்துரைக்கு இரண்டு பேரின் பெயரைக் கேட்டார்கள். நான் அந்த மேலாளரின் பெயரைக் கொடுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்வு நடத்தியவருக்கு அவரைத் தெரிந்திருந்தது. தாமாகவே தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டார். மேலாளர் சொன்ன பதில் சுற்றி வளைத்து என் காதுக்கு வந்தது: "வேலை நன்றாகத் தெரிந்தவர். ஆனால் மனத்தாங்கல் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். போகும்போது வேறு யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவார்." அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் பொய் இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அவரிடம் நேரில் எதையும் சொன்னதில்லை.

அடுத்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, மனிதவளத் துறைக்கு உதவியாகச் சில வாரம் அனுப்பப்பட்டேன். இரண்டு ஆண்டுகளாக எடுத்த விலகல் நேர்காணல்களின் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஒரே அட்டவணையில் சேர்க்க வேண்டும், அதுதான் வேலை. மேசையின் மறுபக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஒருவர் மனம் திறந்து பேசியது, கடைசியில் மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் கட்டத்தில் விலகியதற்கான காரணம் இருக்கும். சம்பளம், வளர்ச்சி, மேலாளர், வேலைச்சுமை, சொந்தக் காரணம் என்று முன்பே எழுதிவைத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் நேர்காணல் எடுத்தவர் தம் சொற்களில் எழுதும் மூன்று நான்கு வரிகள். மூன்றாவது கட்டத்தில் ஒரே கேள்வி: இவரை மீண்டும் பணியில் சேர்க்கலாமா? ஆம் அல்லது இல்லை. அங்கே அதைப் பெரும்பாலும் மேலாளரைக் கேட்டுத்தான் நிரப்பினார்கள்.

இந்த மூன்றாவது கட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. புதிய நிறுவனம் முறைப்படி விசாரிக்கும்போது, பழைய நிறுவனங்கள் பல விரிவாக எதையும் பேசுவதில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தார், என்ன பதவி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். சில நிறுவனங்கள் இந்த "ஆம், இல்லை" பதிலையும் சேர்த்துச் சொல்லும். அதனால் முறையான விசாரணையில் உங்கள் பேச்சு வரிக்கு வரி வெளியே போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எனக்கு நேர்ந்ததுபோல், தெரிந்தவர் தெரிந்தவரிடம் கேட்கும் அந்த இரண்டு நிமிட உரையாடலில்தான் காரியம் கெடுகிறது.

அந்தக் குறிப்புகளில் எதற்கும் பயன்படாமல் போனவை இரண்டு வகை. ஒன்று, என்னுடைய முதல் பேச்சைப் போன்றவை. "சொந்தப் பகை இருப்பதாகத் தெரிகிறது" என்று ஒரு வரி சேர்த்து ஓரம் கட்டியிருந்தார்கள். மற்றொன்று, மிகவும் நல்ல பிள்ளையாகச் சொன்ன பதில்கள்: "எல்லாம் நன்றாக இருந்தது, வெளியே நல்ல வாய்ப்பு வந்தது." இந்தப் பதிலைக் கேட்டவர்கள் அதைச் "சம்பளம்" என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு பிரிவில் அடுத்தடுத்து விலகிய ஐந்து பேரும் இதையே சொல்லியிருந்தார்கள். நிறுவனமும் அதை நம்பி அந்தப் பிரிவில் சம்பளத்தை உயர்த்தியது. ஆறாவது ஆளும் விலகினார். அங்கே சிக்கல் சம்பளத்தில் இல்லை, இரவுப் பணி ஒதுக்கும் முறையில் இருந்தது. அது கணக்குப் பிரிவில் இருந்த எங்களுக்குக்கூடத் தெரியும். பட்டியலில் மட்டும் இல்லை. அந்த ஐந்து பேரும் தங்களைப் பாதுகாத்துக்கொண்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே தங்கியவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

நடவடிக்கைக்கு வழி செய்த குறிப்பு ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. "புதிய மென்பொருளுக்கு மாறியபோது இரண்டு மணி நேரம்தான் பயிற்சி தந்தார்கள். அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு பட்டியலையும் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரண்டு தடவை போட்டோம்." எழுதியவர் கோபத்தில் இருந்தாரா, நிதானமாக இருந்தாரா என்று அதைப் படித்துச் சொல்ல முடியாது. யாரையும் அது குற்றம் சாட்டவில்லை. ஆனால் படித்த எவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பயிற்சியை நீட்டித்தார்கள்.

நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகும் நாளும் வந்தது. இந்த முறையும் காரணம் மேலாளரோடு சேர்ந்ததுதான். ஆனால் அவர் முதல் மேலாளரைப் போன்றவர் அல்ல. கணக்கில் ஒரு சிறு வேறுபாடு வந்தால் அதன் வேர்வரை தேடிப் பிடிக்க எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். சிக்கல் மாத இறுதியில் வரும். மாதக் கணக்கை முடிக்க எங்களுக்கு ஐந்து வேலை நாட்கள். கிளைகளின் கணக்கு மூன்றாம் நாள் மாலைதான் வந்து சேரும். ஆனால் நிர்வாகத்துக்கு நான்காம் நாள் காலையிலேயே அறிக்கை தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். வந்ததைச் சரிபார்க்க ஓர் இரவுதான் இருக்கும். வராத தொகைகளுக்கு உத்தேச மதிப்பைப் போட்டு அனுப்புவோம். கடைசி ஆறு மாதத்தில் நான்கு முறை, அனுப்பிய அறிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்ப நேர்ந்தது. பிழைக்குப் பதில் சொன்னது நான். இதோடு, தருவதாகச் சொன்ன பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு முறை கடிந்து பேசினார்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்த வாரத்தில் ஒரு தாளை எடுத்து மனத்தில் இருந்ததை எல்லாம் எழுதினேன். யார் படிப்பார்கள் என்று யோசிக்காமல், வந்த சொற்களை வந்தபடியே எழுதினேன். அதை எழுதித் தீர்த்தால்தான் அந்த அறையில் அது தானாக வெளியே கொட்டாது. இரண்டு நாள் கழித்துத் தாளைத் திரும்ப எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். இதைத் தேதியாகவும் எண்ணிக்கையாகவும் சொல்ல முடியுமா? சம்பந்தப்பட்டவரிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேனா? இதைக் கேட்டால் யாராவது எதையாவது மாற்ற முடியுமா?

முதல் கேள்வியிலேயே பாதி வரிகள் விழுந்தன. "அவருக்கு எங்கள் நேரத்தைப் பற்றிக் கவலையே இல்லை" என்று எழுதியிருந்தேன். அவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது மூன்றாம் நாள் மாலை, நான்காம் நாள் காலை, நான்கு திருத்தங்கள். பதவி உயர்வு மூன்றாவது கேள்வியில் விழுந்தது. நான் போன பிறகு என் பதவி உயர்வை யாரும் சரிசெய்ய முடியாது. பதவி உயர்வு எப்போது, எதன் அடிப்படையில் என்று எழுத்தில் தெரிவிக்கும் வழக்கம் அங்கே இல்லை என்பதை மட்டும் தனி வரியாக வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பின் வருபவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. அறிக்கைத் தேதியைப் பற்றி அவரிடம் முணுமுணுத்திருக்கிறேனே தவிர, உட்கார்ந்து பேசியதில்லை. முதல் வேலையில் செய்த அதே தவறு. கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு அவரிடம் தனியாக நேரம் கேட்டேன். "சார், விலகல் நேர்காணலில் மாத இறுதித் தேதிகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அது உங்களுக்கு வேறு யார் மூலமாகவும் தெரியவரக் கூடாது என்றுதான் முதலில் உங்களிடம் சொல்கிறேன்" என்றேன். ஆறு மாதத் திருத்தங்களையும் எழுதிய தாளை அவர் முன் வைத்தேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். நான்காம் நாள் என்பது அவர் விரும்பி ஒப்புக்கொண்ட தேதி அல்ல. முன்பு ஒருமுறை அவசரத் தேவை ஒன்றுக்காக ஒரே மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டது, அப்படியே நிலைத்துவிட்டது. கிளைகள் கணக்கு அனுப்பும் நாளை முன்னால் நகர்த்த அவர் இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லை. என் தாளில் இருந்த வாக்கியம் அங்கேயே மாறியது. "மேலாளர் எங்களைக் கேட்காமல் தேதி கொடுக்கிறார்" என்று எழுதியிருந்தேன். "அறிக்கைத் தேதியும் கிளைக் கணக்கு வந்துசேரும் தேதியும் பொருந்தவில்லை" என்று திருத்திக்கொண்டேன். மென்மைக்காகச் செய்த திருத்தம் அல்ல இது. இரண்டாவது வாக்கியம்தான் உண்மைக்கு அருகில் இருந்தது.

கூட்டத்தில் கடிந்து பேசியதையும் அவரிடம் சொன்னேன். "அது என்னை மிகவும் பாதித்தது, அதன் பிறகு கூட்டங்களில் ஐயம் எழுந்தாலும் கேட்பதை நிறுத்திவிட்டேன்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு நிகழ்வுகள், இப்போது அவர் காதுக்குப் போய்விட்டன. அதை நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தேன். எல்லோரிடமும் அதுவே அவர் வழக்கமாக இருந்திருந்தால் கொண்டுபோயிருப்பேன்.

நேர்காணலில் முதல் கேள்வி, எதிர்பார்த்தபடியே, "ஏன் விலகுகிறீர்கள்?" இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதை அந்தக் குறிப்புகளை அட்டவணையாக்கியபோது கற்றுக்கொண்டிருந்தேன். வெளியே வேலை தேடத் தொடங்கியது ஏன் என்பது ஒன்று. கிடைத்த வேலைகளில் இதை ஏற்றுக்கொண்டது ஏன் என்பது வேறு. "நல்ல வாய்ப்பு" என்பது இரண்டாவதற்கு மட்டும்தான் பதில். நான் இரண்டையும் பிரித்தே சொன்னேன்: "புதிய இடத்தில் திட்டமிடும் பொறுப்பு கிடைக்கிறது, அதனால் அதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் நான் வெளியே தேடத் தொடங்கியது மாத இறுதிக் கணக்கினால். அதைப் பற்றி விவரமாகச் சொல்லலாமா?"

பிறகு மேலாளரைப் பற்றிய கேள்வி. வேறுபாடுகளைத் தேடிப் பிடிக்க அவர் கற்றுத்தந்ததைச் சொன்னேன். கசப்பு மருந்துக்கு முன் ஊட்டும் தேனாக இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் என் பதில் முழுமையாக இராது. தொடர்ந்து தேதிகளைச் சொன்னேன், நான்கு திருத்தங்களைச் சொன்னேன், அவற்றால் நிர்வாகம் பிழையான தொகையை இரண்டு மூன்று நாள் கையில் வைத்திருந்ததைச் சொன்னேன். "கிளைக் கணக்கு இரண்டாம் நாள் மாலைக்குள் வர வேண்டும், அல்லது அறிக்கை ஐந்தாம் நாள் மதியத்துக்குத் தள்ளிப்போக வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தாலே போதும். இதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதுவரை நான் சொன்னதற்கு அவர் கொடுத்த எடை அங்கே கூடியது என்று எனக்குத் தோன்றியது.

நேர்காணல் எடுப்பவர் தன் மூன்று வரிகளுக்காக நம் பேச்சைச் சுருக்க முயல்வார். அங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். "அப்படியென்றால் உங்கள் மேலாளருக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் "ஆமாம்" என்றால் அது என் வாக்கியமாகப் பதிவாகிவிடும். "அந்த முடிவுக்கு வரும் அளவுக்கு எனக்கு மேலே நடப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தவை அந்த இரண்டு தேதிகள்" என்றேன். அடுத்து, "குழுவில் மற்றவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்களா?" என்றார். "அவர்கள் சார்பில் நான் பேசுவது சரியாக இராது, அவர்களையே கேளுங்கள்" என்றேன். நான் கிளம்பிவிடுவேன், அவர்கள் நாளையும் அதே மேசைக்கு வர வேண்டும். விலகுபவர் போகிற போக்கில் சொல்லும் "எல்லோருக்கும் இதே எண்ணம்தான்" என்ற ஒரு சொல், இருப்பவர்கள் மேல் எவ்வளவு நாள் படிந்து கிடக்கும் என்பதை முதல் வேலையில் இருந்த நண்பர்கள் பின்னால் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றக் கேள்விகள் எளிதாகப் போயின. எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்றதற்கு, "சேர்ந்த பிறகு நானே தெரிவிக்கிறேன்" என்றேன். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, அவரும் வற்புறுத்தவில்லை. மீண்டும் வருவீர்களா என்றதற்கு, தேதிகள் சரியானால் வருவேன் என்றேன். அது உண்மையும்கூட. எண் போடும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று போடுவதும் ஐந்து போடுவதும் ஒரே பலனைத்தான் தரும், படிப்பவர் இரண்டையும் நம்ப மாட்டார். மாத இறுதி சம்பந்தமான ஒரே வரிக்கு மட்டும் இரண்டு போட்டுவிட்டு, கீழே "நேர்காணலில் விளக்கியிருக்கிறேன்" என்று எழுதினேன்.

எழுவதற்கு முன் இரண்டு கேள்விகளை நான் கேட்டேன். நான் சொன்னவற்றுள் எனக்கு இன்றுவரை மிகவும் உதவியது இந்தப் பகுதிதான். முதல் கேள்வி: "இந்தக் குறிப்பை யார் யார் பார்ப்பார்கள்?" துறைத் தலைவரும் மேலாளரும் காலாண்டுக்கு ஒருமுறை தொகுப்பாகப் பார்ப்பார்கள், ஓரிருவரே விலகியிருந்தால் வேறு துறைகளோடு சேர்த்துக் கொடுப்போம் என்றார். இரண்டாவது கேள்வி: "மேலாளர் பகுதியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாசித்துக் காட்ட முடியுமா?" அவர் வாசித்தார்: "மேலாளர் நடைமுறைக்கு ஒத்துவராத கெடு விதிக்கிறார்."

அவ்வளவு நேரம் கவனமாகப் பேசிய பிறகும் அந்த வரிதான் பதிவாகியிருந்தது. பத்து நாள் முன்பு அவர் எதிரில் உட்கார்ந்து நான் சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. மேலாளர் இதைப் படித்திருந்தால், நேரில் ஒன்றைச் சொல்லிவிட்டு இங்கே வேறொன்றைச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். மாற்றி எழுத முடியுமா என்று கேட்டு, என் தாளில் இருந்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் தயங்காமல் அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். அன்று மாலையே அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்பினேன். அதிலும் அந்த இரண்டு தேதிகளும் இரண்டு வழிகளும் மூன்று வரியில் இருந்தன. குறிப்பு எப்படி மாறினாலும் என் சொற்கள் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இவ்வளவும் பொருந்துவது, சிக்கல் வேலை நடக்கும் முறையைப் பற்றியதாக இருக்கும்போதுதான். துன்புறுத்தல், பாகுபாடு, சம்பளத்தைப் பிடித்துவைத்தல், பாதுகாப்பு மீறல் போன்றவற்றை முதன்முதலாகச் சொல்லும் இடமாக விலகல் நேர்காணலை வைத்துக்கொள்ளாதீர்கள். இத்தகைய ஒன்றைக் கேட்டுவிட்டால் மனிதவளத் துறை விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கலாம். அப்போது ரகசியம் காப்பதாக அவர்கள் தந்த வாக்கு நிற்காது. நீங்களோ அடுத்த நாள் அங்கே இருக்க மாட்டீர்கள். வேலையில் இருக்கும்போதே தேதியோடு எழுத்தில் தனிப் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்வதே முறை. நேர்காணலில், "அதைப் பற்றித் தனியாகப் புகார் அளித்திருக்கிறேன்" என்று ஒரு வரி போதும். சட்டப்படி மோதும் நிலை இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த அறைக்குள் போகவே வேண்டாம். இந்த நேர்காணல் பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை. "பங்கேற்க விரும்பவில்லை, நன்றி" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். அங்கே புதிதாக ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

பரிந்துரையைப் பொறுத்தவரை, கடைசி நாளில் மேலாளரிடம் நேரடியாகவே கேட்டேன். "என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் பேசுவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். அதனால், "என் வேலையில் எதைப் பற்றி உங்களால் தயக்கமின்றிப் பேச முடியும்?" என்று கேட்டேன். கணக்கைச் சரிபார்க்கும் வேலையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். குழுவை நடத்துவது பற்றிப் பேசும் அளவுக்கு என்னைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்கச் சற்று வலித்தது. ஆனால் அவர் பெயரை எந்த வேலைக்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். பின்னாளில் அவர் பெயரைக் கொடுத்தபோது, சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்.

தேதிகள் பாதிதான் மாறின. கிளைக் கணக்கு இன்னும் மூன்றாம் நாள் மாலைதான் வருகிறதாம். அறிக்கை ஐந்தாம் நாளுக்குப் போயிருக்கிறது. இதைச் சொன்னவர் அதே குழுவில் இருந்த தோழி. அந்த மேலாளர் வேறு துறைக்குப் போய்விட, இவருக்கு இப்போது வேறொரு மேலாளர். தோழியும் ராஜினாமாக் கொடுத்துவிட்டு என்னை அழைத்தார். "நீங்கள் செய்ததுபோல் நான் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. இதற்கு முன் அப்படிச் சொன்ன ஒருவருக்கு அனுபவச் சான்றிதழ் கைக்கு வர மூன்று மாதம் ஆனது" என்றார்.

அவர் சொன்னது சரி. மேலாளரிடம் முதலில் சொல்வது, கேட்டதை மனத்தில் கறுவிக்கொள்ளாதவரிடம்தான் செல்லும். கேள்வியை இப்படி மாற்றிப் பார்த்தோம்: அந்த வரியைப் புதிய மேலாளர் படித்தாலும், அதில் தன்னைத் தாக்கியதாக எடுத்துக்கொள்ள ஒரு சொல்கூட இல்லாமல் எதைச் சொல்ல முடியும்? தோழி எழுதிவைத்திருந்த ஒன்றரைப் பக்கத்திலிருந்து அன்று இரவு இரண்டு வரி தேறியது. சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் கைக்கு வந்த பிறகு எழுத்திலேயே பதில் தருகிறேன் என்று மனிதவளத் துறையிடம் கேட்டார், ஒப்புக்கொண்டார்கள். பரிந்துரைக்குப் பழைய மேலாளரின் பெயரைக் கொடுத்தார். மனிதவளத் துறைக்குத் தோழி எழுதி அனுப்பிய பதில் இதுதான்: "விடுப்புக் கோரிக்கைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நாளில் பதில் வருகிறது, அதனால் குழுவில் யாரும் முன்கூட்டித் திட்டமிட முடிவதில்லை. மூன்று வேலை நாளுக்குள் பதில் என்று ஒரு வரையறை வைத்தால், மாத இறுதியில் ஆள் பற்றாக்குறை குறையும்."